தரகு 5லிருந்து 8: கூடியது மூன்றா, அறுபதா?

மண்டபத்தில் மீனவர் சங்கக் கணக்கைப் பல வருஷம் எழுதியவர் பதில் சொல்கிறார்.

பாம்பன், நாட்டுப்படகுக்காரர்: தம்பி, நூற்றுக்கு 5 தரகு பிடித்தவர் இப்போது 8 பிடிக்கிறார். "3 சதவீதம்தானே கூட்டினேன்" என்கிறார். என் மகன் 60 என்கிறான். யார் கணக்கு சரி?

மகன் கணக்குத்தான் சரி அண்ணே. தரகர் சொல்கிற 3 பொய்யில்லை, ஆனால் அது சதவீதப் புள்ளி. 8லிருந்து 5ஐக் கழித்தால் வருவது அவ்வளவுதான்.

10,000 ரூபாய்க்கு நண்டு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பு சீட்டில் 500 கழிந்தது, இப்போது 800 கழிகிறது. கூடிய 300ஐப் பழைய 500ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 60. தரகுத் தொகை 60 சதவீதம் ஏறியிருக்கிறது. உங்கள் கைக்கு வந்ததோ 9,500லிருந்து 9,200 ஆனது. அதே 300ஐ 9,500ஆல் வகுத்தால் 3.16 சதவீதம்தான் குறைவு. மகன் வெறுமனே 60 என்றால், "உங்க வருமானமா அறுபது குறைஞ்சது?" என்று அவர் மடக்கிவிடுவார். எதில் 60 என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மறுபடி பாம்பன் படகுக்காரர்: எழுதிய தாளில் "தரகு 3 சதவீதம் உயரும்" என்றுதான் இருக்கிறது.

எழுத்துப்படி பார்த்தால் 5இல் 3 சதவீதம், அதாவது 0.15. தரகு 5.15 ஆகும், 10,000க்கு 515 ரூபாய். ஆனால் ஏலம் போடும் இடத்தில் புள்ளியையும் சதவீதம் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம், தரகர் அதைச் சொல்வார். தாள் முழுவதையும் பார்க்காமல் யார் பக்கம் என்று நான் சொல்ல முடியாது. அடுத்த தாளில் "5லிருந்து 8 ஆகும்" என்று இரண்டு எண்ணையும் எழுதிவிடுங்கள்.

தொண்டி, ஆசிரியை: சின்ன எண்ணால்தானே வகுக்க வேண்டும்? பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறேன்.

ஏறும்போது சரியாக வரும் டீச்சர், அப்போது பழைய எண்தான் சின்னது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை. அப்போது கிலோ 400 ரூபாய் மீன் 500 ஆனால் ஏற்றம் 25 சதவீதம். தடை முடிந்து 400க்கே இறங்கினால் பழைய விலை 500. இறக்கம் 20 சதவீதம். பழைய எண்ணால் வகுக்கச் சொல்லுங்கள்.

தேவிபட்டினம், கருவாடு போடுபவர்: எனக்குப் புள்ளியெல்லாம் வேண்டாம் அண்ணே. மீன் காய்ந்து ஈரம் 80 சதவீதத்திலிருந்து 60 ஆனால் 10 கிலோ 8 கிலோவாக நிற்க வேண்டாமா? 5 கிலோதான் நிற்கிறது. யாராவது எடுக்கிறார்களோ?

யாரும் எடுக்கவில்லை தங்கச்சி, இதுவும் புள்ளிக் கணக்குத்தான். 10 கிலோவில் தண்ணீர் 8, மற்றது 2. அந்த 2 கிலோ எங்கும் போகாது. ஈரம் 60 என்றால் அந்த 2 கிலோ மொத்தத்தில் 40 சதவீதம், அப்போது மொத்தம் 5 கிலோ. தண்ணீர் 8லிருந்து 3 ஆகி 62.5 சதவீதம் போய்விட்டது. 80 என்பது 10 கிலோவில் பங்கு, 60 என்பது 5 கிலோவில் பங்கு. அதனால்தான் 20 புள்ளி இறங்கியதற்கு எடை பாதியாகிறது. உப்புப் போட்டிருந்தால் அந்த எடையும் சேரும், 5 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும்.