சீரம் ட்ராப்பரில் தானாகத் தொங்கும் சொட்டு

சிங்கப்பூரில் ஏசி அறையில் வைத்திருக்கும் பழுப்புக் கண்ணாடி சீரம் பாட்டில். ட்ராப்பரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், ரப்பரை அழுத்தாமலே நுனியில் ஒரு சொட்டு தொங்குகிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. ரப்பர் குமிழுக்குள் இருக்கும் காற்று, விரல் சூட்டிலும் வெளி வெக்கையிலும் விரிந்து சீரத்தைக் கீழே தள்ளுகிறது. குமிழில் 1 மி.லி. காற்று என்று வைத்துக்கொள்வோம். 24 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்குப் போனால் அது சுமார் 0.03 மி.லி. கூடும். தண்ணீர் போன்ற சீரத்தில் ஒரு முழுச் சொட்டே ஏறக்குறைய 0.05 மி.லி. அதனால்தான் விழாமல் தொங்குகிறது.

நிற்காமல் சொட்டினால் கதை வேறு. ட்ராப்பரைக் கழுவித் தண்ணீர் உறிஞ்சி, ரப்பரைத் தொடாமல் பிளாஸ்டிக் வளையத்தைப் பிடித்து ஒரு நிமிடம் செங்குத்தாக வையுங்கள். அப்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால் குமிழில் வெடிப்பு, அல்லது வளையத்தோடு சேருமிடத்தில் காற்றுக் கசிவு. எண்ணெய் சீரம் என்றால் இயற்கை ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் குமிழாக மாற்றுங்கள்.