ஆஸ்-பில்ட் டிராயிங் கொடுக்கும்போது கவரிங் லெட்டர்

கேள்வி: எம்.இ.பி. கான்டிராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். ஓனருக்கு ஆஸ்-பில்ட் டிராயிங்கும் ஆபரேஷன் மேனுவலும் அனுப்ப கவரிங் லெட்டர் போடச் சொல்கிறார்கள். 'இத்துடன் இணைத்துள்ளோம்' என்று இரண்டு வரி எழுதினால் போதாதா?

நானும் அப்படித்தான் எழுதினேன். "ஆஸ்-பில்ட் டிராயிங் – 1 செட், மேனுவல் – 2." அவ்வளவுதான். ரிசப்ஷனில் சீல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது ஒரு ஆபீஸ் கட்டடம், எங்களுக்கு ஃபயர் ஃபைட்டிங் வேலை. கட்டடத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் 150 மி.மீ. ஹைட்ரன்ட் லைன் ஓடுகிறது. முதல் டிராயிங்கில் அது காம்பவுண்டு சுவரிலிருந்து 600 மி.மீ. தள்ளி இருந்தது. சைட்டில் அந்த இடத்தில் மழைநீர் வாய்க்கால் வந்துவிட்டதால் சுவரிலிருந்து 1.8 மீட்டர் தள்ளிப் போட்டோம். மூடுவதற்கு முன் நானே டேப் பிடித்து அளந்து, ஷீட் மூன்றை ஆர்2, அதாவது இரண்டாவது ரிவிஷன் என்று திருத்தச் சொன்னேன்.

பத்து மாதம் கழித்து ஓனர் தரப்பில் கார் சார்ஜருக்குக் கேபிள் போட ஜே.சி.பி. விட்டார்கள். அவர்கள் ஃபைலில் இருந்த டிராயிங்கைப் பார்த்து, சுவரை விட்டு ஒன்றரை மீட்டர் தள்ளித் தோண்டினால் பயமில்லை என்று நினைத்திருக்கிறார்கள். பைப் உடைந்தது. பிரஷர் இறங்கியதும் ஜாக்கி பம்ப் ஓடியது, அதனால் தாங்க முடியாமல் மெயின் பம்பும் ஆட்டோவில் கிளம்பிவிட்டது. மெயின் பம்ப் தானாக நிற்காது, பம்ப் ரூமுக்குப் போய் ஒருவர்தான் நிறுத்த வேண்டும். அங்கே ஆளில்லை. வால்வு சேம்பர் எங்கே என்று செக்யூரிட்டிக்கும் தெரியவில்லை. டேங்க் பாதிக்கு மேல் காலி.

அப்புறம் வந்தது கடிதம்: "நீங்கள் கொடுத்த டிராயிங்கில் 600 என்றுதான் இருக்கிறது." அவர்கள் ஃபைலைத் திறந்து பார்த்தேன், பழைய ஷீட்தான் இருந்தது. நாங்கள் ஆர்2 கொடுத்தோமா, கொடுத்ததை யாராவது மாற்றி வைத்தார்களா? உண்மையைச் சொன்னால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "1 செட்" என்பதில் எந்த ஷீட், எந்த ரிவிஷன் என்று ஒன்றும் இல்லையே! ரிப்பேர் செலவை, எங்கள் பில்லில் நிறுத்தி வைத்திருந்த 5 சதவீத ரிடென்ஷனில் பிடித்துக்கொண்டார்கள்.

'அதையெல்லாம் கன்சல்டன்ட் பார்க்க வேண்டியது' என்று சிலர் இங்கே சொல்ல வருவார்கள். பார்க்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் யாருடையது போனது என்பதுதான் என் கேள்வி.

இப்போது நான் எழுதும் லெட்டர் ஒன்றரைப் பக்கம் வரும். மேலே வொர்க் ஆர்டர் நம்பர், தேதி. அடுத்து அட்டவணை: ஒவ்வொரு ஷீட்டுக்கும் நம்பர், தலைப்பு, ரிவிஷன், எத்தனை பிரிண்ட், பென் டிரைவில் எந்தப் பெயரில் இருக்கிறது. மேனுவலை 'பம்ப் மேனுவல்' என்று எழுதுவதில்லை. பம்பின் மாடல், நேம் பிளேட்டில் உள்ள சீரியல் நம்பரோடு எழுதுவேன். கம்பெனி அனுப்பும் பி.டி.எஃப். பத்து மாடலுக்குப் பொதுவாக இருக்கும், நம்முடையது எது என்று ஓனர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அட்டவணைக்குக் கீழே மூன்று வாக்கியம். ஒன்று: "இதற்கு முன் தங்களிடம் உள்ள கட்டுமான டிராயிங்குகள் அனைத்தும் இதனால் ரத்தாகின்றன." இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பழைய ஷீட்டைக் காட்டி என்னிடம் பேசியிருக்க முடியாது. இரண்டு: நாம் அளக்காத பகுதி. கேட்டுக்கு அடியில் வேறு ஏஜென்சி போட்ட பைப் என்றால் அதை அப்படியே சொல்லிவிட வேண்டும். மூன்று: வாரண்டி தேதிகள். பம்புக்குப் பெரும்பாலும் கமிஷனிங்கிலிருந்து 12 மாதம் அல்லது டிஸ்பாட்சிலிருந்து 18 மாதம், எது முந்தியோ அது. ஓனரோ நாம் ஒப்படைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பார்.

இதில் டிராஃப்ட்ஸ்மேன் பாடு வேறு. ஆர்2 என்று திருத்துகிறவர் அவர்தான். வேலை முடிகிற மாதத்தில் முதலில் அவரைத்தான் அனுப்பிவிடுகிறார்கள். பிறகு யாரோ ஒருவர் டைட்டில் பிளாக்கில் மட்டும் 'ஆஸ்-பில்ட்' என்று மாற்றிப் பிரிண்ட் போடுவார். பதினைந்து வருடமாக எல்லாக் கம்பெனியிலும் இதே கதை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

கையெழுத்தை ரிசப்ஷனில் வாங்காதீர்கள். மெயின்டனன்ஸ் பொறுப்பாளரோடு உட்கார்ந்து ஷீட் ஷீட்டாக எண்ணி, லெட்டரின் இரண்டாவது பிரதியில் பெயர், பதவி, தேதி, சீலோடு வாங்குங்கள். போன மாதம் அப்படி எண்ணினோம். லெட்டரில் 23, மேஜையில் 22. விடுபட்டது பம்ப் ரூம் லேஅவுட், எங்கள் தவறுதான். டிரைவரைப் பிரிண்ட் எடுக்க அனுப்பிவிட்டு இரண்டு பேரும் டீ குடிக்கப் போனோம்.