தேதி போடாத ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துக் கேட்டு மிரட்டுகிறார்கள். இதைப் பின்னால் எப்படி நிரூபிப்பது?

நீங்கள் இன்னும் கையெழுத்திடவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இட்டுவிட்டீர்கள் என்றாலும் இன்று இரவுக்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

என்னை மாலை 5 மணிக்கு ஒரு சிறிய அறைக்குக் கூப்பிட்டார்கள். மனிதவள அதிகாரி, மேலாளர், சாட்சிக்கு என்று ஆறு ஆண்டுகள் என் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்த ஒருவர். கைபேசியை வெளியே வைக்கச் சொன்னார்கள். மேசையில் ஒரு கடிதம்: "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்." தேதி இருக்க வேண்டிய இடம் காலி. "கையெழுத்துப் போட்டால் அனுபவச் சான்றிதழ், இல்லையென்றால் ஒழுங்கு நடவடிக்கை" என்றார் அதிகாரி. 40 நிமிடம் தாங்கினேன், பிறகு போட்டுவிட்டேன். படித்தவர் எப்படிப் போடலாம் என்று கேட்பவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

ஆனால் கையெழுத்தை ஒட்டியே அன்றைய தேதியையும் 5.40 என்று நேரத்தையும் எழுதினேன். தேதியில்லாத கடிதம் எதற்கு? வேண்டியபோது வேண்டிய நாளை நிரப்பிக்கொள்ளத்தான். அந்த வழி அடைபட்டது.

வெளியே வந்ததும் என் சொந்த மின்னஞ்சலிலிருந்து மனிதவளப் பிரிவுக்கும் மேலாளருக்கும் எழுதினேன். அலுவலக முகவரியில் எழுதாதீர்கள். மறுநாள் காலை அந்தக் கணக்கே உங்களுக்குத் திறக்காமல் போகலாம். யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்கு, சொன்ன சொற்கள் அப்படியே. "மிரட்டினார்கள்" என்று மட்டும் எழுதினால் அது உங்கள் கருத்து. அவர்கள் சொன்ன வாக்கியத்தை எழுதினால் அது பதிவு. கடைசியில் மூன்று வரிகள்: இது என் விருப்பத்தில் கொடுத்ததல்ல, இதைத் திரும்பப் பெறுகிறேன், நாளை வேலைக்கு வருகிறேன். அதன் நகலைப் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். மறுநாள் உண்மையிலேயே போனேன். வாசலில் நிறுத்தினார்கள். அந்த நேரத்தையும் இன்னொரு மின்னஞ்சலாக எழுதினேன்.

நான் செய்த தவறு, நான்காம் நாள் குழுவில் "அனைவருக்கும் நன்றி, விடைபெறுகிறேன்" என்று ஒரு செய்தி போட்டது. மரியாதைக்குப் போட்டேன். மனமுவந்து விலகியதற்கு ஆதாரம் என்று அதையே எடுத்து நீட்டினார்கள். "பாக்கி எதுவும் இல்லை" என்ற கணக்குத் தீர்வுப் படிவமும் அதே வகைதான். ஆட்சேபத்தை எழுதாமல் அதில் கையெழுத்திடாதீர்கள்.

அந்தச் சாட்சி? "எனக்கு எதுவும் நினைவில்லை" என்றார். அவர் மகளின் கல்லூரி விண்ணப்பத்தை இரவு முழுக்க உட்கார்ந்து நிரப்பிக்கொடுத்தவன் நான். வேலை போனதைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் வழக்கறிஞன் அல்ல. இரகசிய ஒலிப்பதிவு சில நாடுகளில் குற்றம், ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். என் விஷயத்தில் அன்று மாலை 6.15க்குப் போன மின்னஞ்சலைப் பார்த்த பிறகுதான் பேச்சுவார்த்தைக்கே வந்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மூன்று மாதச் சம்பளமும் சான்றிதழும் கிடைத்தன.