ஸ்கூல் வீடியோவுக்கு குழந்தை வாய்ஸ் கொடுக்குது, ஸ்கிரிப்ட் எப்படி எழுதலாம்? சில கேள்விகளும் பதிலும்

கேள்வி: நாலாங்கிளாஸ் பொண்ணு படிக்கப்போறா, மழைநீர் சேகரிப்பு பத்தி வீடியோ. ஸ்கிரிப்ட்ல பெரிய வாக்கியமே இல்ல, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கடைசில குரல் அமுங்கிப்போகுது. ஏன்?

நீங்க அனுப்பின வாக்கியத்தையே எடுத்துக்கலாம்: "எங்கள் பள்ளிக் கட்டடத்தின் மேற்கூரையில் விழும் மழைநீரானது குழாய்களின் வழியாகக் கொண்டுசெல்லப்பட்டு, மணலாலும் கூழாங்கற்களாலும் வடிகட்டப்பட்டு, நிலத்தடித் தொட்டியில் சேகரிக்கப்படுகின்றது." எண்ணிப் பாத்தா 15 வார்த்தைதான், ஆனா நம்ம மொழில வினைச்சொல் கடைசிலதான் வரும், குழந்தைக்கு மூச்சு தீர்ற இடமும் அதேதான், அந்த இடத்துல போய் சேகரிக்கப்படுகின்றதுன்னு 12 எழுத்து வார்த்தையை வச்சா முதல் பாதி மட்டும் கேட்கும், மீதி வாய்க்குள்ளயே போயிடும். தண்ணி என்ன ஆச்சுன்னு சொல்ற வார்த்தையே அதுதான், அது போச்சுன்னா வாக்கியமே போச்சு.

அதனால நான் வார்த்தை எண்ணிக்கையை ரெண்டாவதாதான் பாப்பேன், முதல்ல வாக்கியத்தோட வால் லேசா இருக்கான்னு பாப்பேன். "படுகிறது", "பட்டு" எல்லாத்தையும் எடுத்துட்டு விழும், இறங்கும், போகும்னு மாத்துங்க:

"எங்கள் பள்ளி மாடியில் மழை விழும். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கும். கீழே மணலும் கூழாங்கல்லும் இருக்கும். அழுக்கு அங்கேயே தங்கிவிடும், நல்ல தண்ணீர் மட்டும் தொட்டிக்குப் போகும்."

கடைசி வாக்கியம் மட்டும் 8 வார்த்தை, அது வேணும்னேதான். எல்லாமே நாலு அஞ்சு வார்த்தையா இருந்தா வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரே ராகமா இழுக்க ஆரம்பிச்சிடும். நீளமான வாக்கியத்துக்கு நடுவுல ஒரு கமா போடுங்க, மூச்சு விடுற இடம் அதுதான்னு பிள்ளைகிட்ட முன்னாடியே காட்டிடுங்க.

கேள்வி: பேச்சுத்தமிழ்லயே எழுதிக்கொடுத்தா இயல்பா வருமே?

காதுக்கு இயல்பா இருக்கும், ஆனா கண்ணுக்குப் பழக்கமில்ல. பிள்ளைங்க புத்தகத்துல படிச்சதெல்லாம் எழுத்துத்தமிழ்தான், "பெஞ்சுச்சு", "ஆயிருச்சு"ன்னு தாள்ல பாத்தா எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சிடும், வீட்ல அதே வார்த்தையை நாள் முழுக்க பேசுற பிள்ளையா இருந்தாலும் சரி. நான் "போகும்"னு எழுதிக்கொடுப்பேன், படிக்கும்போது அது "போகு"ன்னு பிள்ளை வாய்ல வந்தா திருத்த மாட்டேன்.

கேள்வி: என் பையனுக்கு ழ வராது. மழை "மளை"ன்னு வருது. வேற பிள்ளையை வச்சிடலாமா?

வேண்டாங்க, பாவம் ஆசையா இருப்பான். ஸ்கிரிப்டை மாத்தலாம். மேல நான் எழுதினதையே பாருங்க: மழை, விழும், குழாய், வழியாக, கீழே, கூழாங்கல், அழுக்குன்னு 7 வார்த்தைல ழ வருது, இந்தப் பையனுக்கு அதை அப்படியே கொடுத்தா திணறிடுவான். "எங்கள் பள்ளி மாடியில் மழை பெய்யும். அந்தத் தண்ணீர் பைப்பில் இறங்கும். அடியில் மணலும் சின்னக் கல்லும் இருக்கும். தூசி அங்கேயே தங்கிவிடும்…" இப்ப மழை ஒண்ணுதான் மிச்சம், அதை மாத்த முடியாது, மாத்தவும் கூடாது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் ரெண்டு மூணு நாள் சொல்லிப் பழகட்டும். அப்பவும் ளன்னு வந்தா விட்டுடுங்க, கேக்கறவங்களுக்குப் புரியும்.

கேள்வி: 2 நிமிஷ வீடியோவுக்கு எத்தனை வார்த்தை எழுதணும்?

பொதுவா ஒரு நம்பர் சொல்லமாட்டேன், பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பாடப்புத்தகத்துல ஒரு பக்கத்தை 1 நிமிஷம் படிக்கவச்சு எண்ணுங்க. 65 வார்த்தை வந்துச்சுன்னா 2 நிமிஷத்துக்கு 130, ஆனா 110க்கு மேல எழுதாதீங்க, படம் மட்டும் ஓடுற இடமும் வேணும்ல. அப்படியும் மூச்சு வாங்கிட்டே ஓடுதுன்னா வார்த்தையைக் குறைங்க, "வேகமா படி"ன்னு சொல்லாதீங்க.

கேள்வி: எண்கள் வந்தா தடுமாறுறா.

எண்ணை எழுத்தால எழுதிக்கொடுங்க. 1 சதுர மீட்டர் மாடில 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர் தண்ணி, அப்ப 200 சதுர மீட்டர்ல 10 மில்லிமீட்டர்னா 2,000 லிட்டர். இந்தக் கணக்கு முழுசையும் பிள்ளை சொல்லவேண்டியதில்ல, அது திரைல வரட்டும். "ஒரு மழைக்கு இரண்டாயிரம் லிட்டர்!" இது மட்டும் அவ சொன்னா போதும்.

கேள்வி: ஹெச்.எம். எல்லார் பேரும் பட்டத்தோட நன்றில வரணும்னு சொல்றாங்க.

பேரெல்லாம் கடைசில எழுத்தா ஓடட்டும். பிள்ளை "எங்களுக்கு உதவிய எல்லோருக்கும் நன்றி"ன்னு முடிச்சுக்கட்டும். ஒரு பேரு தப்பா வந்தாலும் அவங்க வருத்தப்படுவாங்க, அந்தப் பயத்துலயே அதுவரைக்கும் நல்லா படிச்ச பிள்ளைக்கும் குரல் நடுங்கிடும், இதை ஹெச்.எம்.கிட்ட அப்படியே சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க.