தாத்தா சொத்து பேரனுக்குத்தானா?

"தாத்தா கிரயம் வாங்கிய நிலம். உயில் எழுதாமல் 1992-ல் இறந்தார். பாட்டி, அத்தை இருக்கிறார்கள். அப்பா முழுவதையும் அக்காவுக்கு செட்டில்மென்ட் எழுதுகிறார். பேரனாக நான் தடுக்கலாமா?"

பேரன் என்ற முறையில் முடியாது. தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது பாட்டி, அப்பா, அத்தை மூவருக்கும் சமபங்காக இறங்கிவிட்டது. அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச்சொத்து. அப்பா இருக்கும்வரை உங்களுக்கு அதில் உரிமை இல்லை. பலரும் தடுமாறுவது இங்கேதான்.

ஆனால் அப்பா எழுதித் தரக்கூடியது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. பட்டா அவர் பெயரில் மட்டும் இருந்தாலும், அதனால் மற்ற இருவரின் பங்கு போய்விடாது.

முதலில் வில்லங்கச் சான்று போட்டு, மூலப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அது கிரயப் பத்திரமாக இல்லாமல், தாத்தாவுக்கு அவருடைய அப்பாவழிச் சொத்தில் பங்கு வந்த பாகப்பிரிவினைப் பத்திரமாக இருந்தால் கதையே வேறு. பூர்வீகச் சொத்தில் உங்களுக்குப் பிறப்புரிமை உண்டு. பாகப்பிரிவினை வழக்குப் போடலாம்.