அறக்கட்டளைக் கணக்குக் குறிப்புகளில் என்ன எழுதுவது?

"பாலக்கோடு பக்கம் சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். ஆடிட்டர் ‘நோட்ஸ் எழுதிக் கொடுங்க’ என்கிறார். எதை எழுதுவது?"

குறிப்புகளின் கணக்குக் கொள்கைப் பகுதியில் நீங்கள் உண்மையில் செய்வதை மட்டும் எழுதுங்கள். பலரும் வேறோர் அறிக்கையைப் பார்த்து ‘கணக்குகள் அக்ரூவல் முறையில்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த முறையில் பணம் எப்போது கைமாறினாலும் வரவும் செலவும் உரிய ஆண்டிலேயே பதிவாக வேண்டும். ஆனால் ஏப்ரலில் கொடுத்த மார்ச் மாதச் சம்பளம் முந்தைய ஆண்டுக் கணக்கில் நிலுவையாகக் காட்டப்பட்டிருக்காது. அப்படியென்றால் நீங்கள் நடத்துவது ரொக்க முறை. ‘நன்கொடை வந்த நாளில் வரவு, செலவு பணம் கொடுத்த நாளில்’ என்றே எழுதலாம். தேய்மான விகிதத்துக்கு ஒரு வரி போதும்.

அதிக இடம் கொடுக்க வேண்டியது குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த பணத்துக்கு. வகுப்பறை கட்ட ஒரு நிதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் 1,20,000 ரூபாய், புதிதாக வந்தது 3,00,000, வட்டி 18,000, கட்டடச் செலவு 2,60,000. மீதி 1,78,000. இதோடு நிறுத்தாதீர்கள், அந்த மீதி எங்கே இருக்கிறது என்றும் சொல்லுங்கள்: வைப்புத் தொகை 1,50,000, சேமிப்புக் கணக்கில் 28,000.

வங்கியில் இருப்பது மொத்தமே 90,000 என்றால், கட்டடப் பணம் சம்பளத்துக்கோ வாடகைக்கோ போயிருக்கிறது என்று அர்த்தம். ஆடிட்டர் முதலில் பார்ப்பது இதைத்தான். மறைக்காமல், ‘88,000 ரூபாய் பொதுச் செலவுக்கு எடுக்கப்பட்டது, திருப்பி வைக்க வேண்டியது’ என்று குறிப்பிலேயே எழுதுங்கள். கொடுத்தவரின் ஒப்புதல் கடிதம் இருந்தால் அதன் தேதியையும் சேருங்கள்.

அறங்காவலர் கொடுத்த கைமாற்றை நன்கொடையில் சேர்க்காதீர்கள். அது கடன், வட்டி உண்டா இல்லையா என்பதோடு தனிக் குறிப்பாக வரட்டும்.