நேராக வெட்டிய சுடிதார்

கேள்வி: தில்லி லாஜ்பத் நகரில் செட் துணி எடுத்து, எங்கள் ஆர்.கே.புரம் பக்கத்து மாஸ்டரிடம் சுடிதார் தைக்கக் கொடுத்தேன். கால் மடக்கவே முடியவில்லை. முதல் நாளே கவட்டில் தையல் விட்டுவிட்டது. துணி மட்டம் என்கிறார் மாஸ்டர். கூலியைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: முதலில் கால் பகுதியை உள்பக்கம் திருப்பி, முழங்காலுக்குக் கீழே ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். இழைகள் காலின் நீளத்தோடு நேராக ஓடினால் அது நேர்வெட்டு. பெருக்கல் குறிபோலக் கோணலாக ஓடினால்தான் கிராஸ் கட்டிங். கிராஸில் வெட்டிய பருத்தியை நீளவாக்கில் இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் சுருங்கும். ஆடுசதையை ஒட்டி இறங்கியும் முழங்கால் மடங்குவது அந்த இழுவையால்தான்.

இதில் மாஸ்டர்களுக்கு ஒரு சபலம் உண்டு. உங்கள் நீளம் 38 அங்குலம் என்றால், கணுக்காலில் வளையல்போல் சுருக்கம் விழ இன்னும் 8, 10 அங்குலம் வேண்டும். கிராஸாகப் போட்டால் துணி அதிகம் பிடிக்கும். செட்டில் வரும் கீழ்த்துணி 2 மீட்டர்தான் என்றால், பெரும்பாலும் நேராக வெட்டியே சமாளிப்பார்கள். 2.5 மீட்டராவது கேட்டு வாங்குங்கள். கிராஸில் காலின் குறுக்கே ஓர் ஒட்டு வரலாம், அது குறை அல்ல.

அடுத்தது கவடு. இரண்டு கால்களின் தையல்களும் ஒரே புள்ளியில் கூட்டல் குறிபோலச் சந்திக்கிறதா? அப்படியானால் மியானி, அதாவது கவட்டுத் துண்டு, வைக்கவில்லை. உட்காரும்போது மொத்த இழுப்பும் அந்தப் புள்ளியில்தான் விழும். நூல் மட்டும் அறுந்திருந்தால் குற்றம் வெட்டில். இழைகளே நைந்து பிரிந்திருந்தால் மாஸ்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். மிச்சத் துணியில் டைமண்ட் வடிவத் துண்டு வெட்டி வைத்தால் கவடு சரியாகிவிடும். நேர்வெட்டுக் காலை மட்டும் யாராலும் கிராஸாக்க முடியாது.

அதனால் மியானி வைத்துத் தரச் சொல்லுங்கள். கால் நேர்வெட்டு என்றால் புதுத் துணிக்கும் கூலிக்கும் கேளுங்கள். வெட்டுவதற்கு முன்பே "துணி பத்தாது" என்று சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான். ரசீதையும் மிச்சத் துணியையும் தொலைக்காதீர்கள். மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். இந்தத் தொகைக்கு வழக்கு வரை போவது வீண் அலைச்சல் என்பேன்.

குர்த்தியையும் பாருங்கள். பக்கத் திறப்பு இடுப்பின் அகலமான இடத்துக்குக் கீழே தொடங்கினால், உட்கார்ந்ததும் அதன் முனை கிழியும். அங்கே உள்பக்கம் ஒரு சிறு துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம்: நம்மூரில் சல்வார் செட்டையும் சுடிதார் என்போம். தில்லியில் அந்தச் சொல் இறுக்கமான காலுக்கு மட்டுமே.